29C-க்கு இருமொழி நிறுத்த அறிவிப்பு: எவ்வளவு சுருக்கலாம்?

ஒலிநாடா · 4 பிப்ரவரி 2025, இரவு 9:10

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29C-க்கு நிறுத்த அறிவிப்புகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒலிப்பதிவு செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் எனக்கு எழுத்து வேலை. மாதிரிக்காக ஒரு வழித்தடம் முழுக்கத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பதிவுசெய்யப் போகிறோம். கையில் கிடைத்த பழைய வரி இப்படி இருக்கிறது:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு, அடுத்து வரவிருப்பது மயிலாப்பூர் குளம் பேருந்து நிறுத்தம் ஆகும். மயிலாப்பூர் குளம் பேருந்து நிறுத்தத்தில் இறங்க வேண்டிய பயணிகள் இறங்கத் தயாராக இருக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

இதே நீளத்துக்கு ஆங்கிலத்திலும் ஒன்று. நிதானமாகப் படித்தால் இரண்டும் சேர்ந்து 20 விநாடிக்கு மேல் போகிறது. வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அறிவிப்பு முடிவதற்குள் 160, 170 மீட்டர் கடந்துவிடும். லஸ்ஸை விட்டுக் கிளம்பினால் குளம் சில நூறு மீட்டர்தான். ஆங்கில வரிக்காகக் காத்திருப்பவர் எழுந்து படிக்கட்டுக்கு வரவே நேரம் இருக்காது.

நான் யோசித்து வைத்திருப்பது:

"அடுத்து, மயிலாப்பூர் குளம். நெக்ஸ்ட் ஸ்டாப், மைலாப்பூர் டேங்க்."

ஐந்தாறு விநாடிதான். இதற்குமேல் வேண்டுமா? பெயர் முதலில் வர வேண்டுமா, கடைசியிலா? பேருந்தில் தினமும் போகிறவர்கள் சொல்லுங்கள்.

---

பின்படிக்கட்டு · 4 பிப்ரவரி, இரவு 10:25

நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் கூவியது பெயர் மட்டும்தான். "லஸ், லஸ், லஸ்... லஸ் இறங்கறவங்க வாங்க." பெயர்தான் முதலில், அதுவும் மூன்று தடவை. ஏனென்றால் முதல் தடவை யாருக்கும் காதில் விழாது. பின் சீட்டில் உட்கார்ந்து கூவினால் முன்னால் நிற்பவருக்குப் பாதிதான் போய்ச் சேரும். கவனத்திற்கு, கனிவு எல்லாம் போட்டால் பெயர் வருகிற நேரத்தில் சரியாக ஹாரன் அடிக்கும்.

பெயரை முன்னால் போடுங்கள்.

---

கணக்குப்புலி · 5 பிப்ரவரி, காலை 7:40

சுருக்க வேண்டும் என்றால் முழுசாகச் சுருக்குங்கள். மந்தைவெளி தமிழிலும் மந்தைவெளி, ஆங்கிலத்திலும் மந்தைவெளி. எதற்கு இரண்டு தடவை? பெயர் ஒன்றாகவே இருக்கும் இடங்களில் ஆங்கில வரி வேண்டாம். குளம், டேங்க் மாதிரிப் பெயர் மாறும் இடத்துக்கு மட்டும் இரண்டு மொழி. பாதி நேரம் மிச்சம்.

---

வெள்ளைக்கோல் · 5 பிப்ரவரி, காலை 8:15

எனக்குப் பார்வை கிடையாது. அடையாற்றில் வேலை, தினமும் பேருந்துதான். கணக்குப்புலி சொல்வது காகிதத்தில் சரியாகத் தெரியும், வண்டிக்குள் சரிவராது.

ஆங்கில வரியில் பெயர் இரண்டாவது தடவை வருவதால்தான் நான் பல நாள் சரியான இடத்தில் இறங்குகிறேன். முதல் தடவை பக்கத்தில் யாராவது போனில் பேசுவார், அல்லது டிரைவர் கியர் மாற்றுவார். தமிழ் தெரியாதவருக்காகப் போடும் வரி, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் இரண்டாவது வாய்ப்பு.

அதைவிட முக்கியம், எல்லா நிறுத்தத்துக்கும் ஒரே அமைப்பு இருக்க வேண்டும். சிலவற்றுக்கு ஆங்கிலம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை என்றால், தமிழ் வரி முடிந்ததும் இன்னும் வருமா, முடிந்துவிட்டதா என்று காது காத்துக்கொண்டே இருக்கும். அப்படிக் காத்திருக்கும் நேரத்தில் நான் எழுந்து நகர முடியாது.

பெயரை முன்னால் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நடத்துநர் மூன்று முறை கூவுவார், அதனால் முதலாவது வீணானால் பரவாயில்லை. பதிவு செய்த குரல் அப்படிக் கூவாது. "அடுத்து" என்ற சொல்லே எனக்கு மணி அடித்த மாதிரி. அதைக் கேட்டதும் காதைத் திருப்புகிறேன், அப்புறம் பெயர் வருகிறது. எந்தத் தகவலும் இல்லாத சொல்தான், ஆனால் அது வீணானால் நஷ்டமில்லை என்பதாலேயே அது முன்னால் இருக்கட்டும்.

---

பின்படிக்கட்டு · 5 பிப்ரவரி, காலை 11:02

மேலே எழுதியவர் சொல்வது புரிகிறது தம்பி. அப்படியானால் "அடுத்து"க்குப் பிறகு கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒட்டிச் சொன்னால் அதுவும் பெயரோடு சேர்ந்து போய்விடும்.

---

ஒலிநாடா · 5 பிப்ரவரி, இரவு 9:30

இருவரும் சொன்னதை வைத்து முடிவு: முன்னால் ஒரு சிறு மணியோசை, "அடுத்து", அரை விநாடி இடைவெளி, பெயர். பிறகு ஆங்கிலம் அதே வரிசையில். எல்லா நிறுத்தத்துக்கும் இரண்டு மொழியும் உண்டு.

பெயர் கடைசியில் வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது தமிழ் சார்ந்தது. பழைய வரியில் "குளம் பேருந்து நிறுத்தத்தில் இறங்க வேண்டிய" என்று வேற்றுமை உருபு வருகிறது. ஏன் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் "பேருந்து நிறுத்தம்" ஒட்டியிருக்கிறது என்று முதலில் புரியவில்லை. உருபை நேராகப் பெயரில் சேர்த்துப் பார்த்தால் தெரியும். மந்தைவெளியில், லஸ்ஸில், பெசன்ட் நகரில், குளத்தில், அடையாற்றில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி மாறுகிறது. பெயரைத் தனித்தனித் துண்டாகப் பதிந்து வாக்கியத்துக்குள் சொருகும் முறையில் "அடையாறு" என்று பதிந்த துண்டை வைத்து "அடையாற்றில்" என்று சொல்ல முடியாது. அதைச் சமாளிக்கத்தான் எல்லாப் பெயருக்கும் ஒரு "பேருந்து நிறுத்தத்தில்" மாட்டியிருக்கிறார்கள். வரியின் நீளத்தில் ஒரு பங்கு அதனால் வந்தது.

பெயர் உருபு ஏற்காமல், வாக்கியத்தின் கடைசியில் நின்றால் இந்தச் சிக்கலே கிடையாது. குரலும் அங்கே இயல்பாக இறங்கி முடியும். ஆங்கில வரியிலும் பெயர் கடைசியில்தான், அங்கும் குரல் இறங்கித்தான் முடியும். எனவே மந்தைவெளி மாதிரிப் பெயருக்கு ஒரே பதிவை இரண்டு இடத்திலும் பயன்படுத்தலாம். நடுவில் பெயர் வந்தால் குரல் மேலே தொங்கி நிற்கும்படி இன்னொரு தடவை பதிய வேண்டியிருக்கும். அதையும் கடைசியில் ஒட்டினால் வரி முடியாத மாதிரி கேட்கும்.

---

எல்இடி_ரசிகன் · 6 பிப்ரவரி, மதியம் 1:20

என் கருத்து: முன்பக்கப் பலகையில் தமிழ் ஒரு தடவை, ஆங்கிலம் ஒரு தடவை என்று மாறி மாறி ஓட விட்டால் படிக்கவே முடிவதில்லை. அங்கே எண் மட்டும் நிலையாக நிற்க வேண்டும், இடப்பெயர் மட்டும் மாற வேண்டும். எழுத்து ஓடக் கூடாது.

---

வெள்ளைக்கோல் · 6 பிப்ரவரி, மதியம் 1:45

இங்கே பேசுவது உள்ளே ஒலிக்கும் அறிவிப்பைப் பற்றி, முன்பக்கப் பலகையைப் பற்றி இல்லை.

---

எல்இடி_ரசிகன் · 6 பிப்ரவரி, மதியம் 2:00

சரி. ஆனால் உள்ளேயும் ஒரு பலகை இருக்கும் அல்லவா? குரல் "மயிலாப்பூர் குளம்" என்று சொல்லும்போது பலகையில் "மயிலை குளம் பே.நி." என்று ஓடினால் புதிதாக வருகிறவர் குழம்புவார். எழுதும்போதே இரண்டுக்கும் ஒரே பட்டியல் போடுங்கள்.

---

ஒலிநாடா · 6 பிப்ரவரி, இரவு 10:05

நல்ல வேளை சொன்னீர்கள். குரலுக்கும் பலகைக்கும் நிறுத்தத்தில் நடப்பட்டிருக்கும் போர்டுக்கும் ஒரே பெயர் என்று வைத்துக்கொள்கிறேன். பலகையில் இடம் பற்றாவிட்டால் பெயரை நான் சுருக்க மாட்டேன், "நிறுத்தம்", "நிலையம்" போன்றவற்றைத்தான் எடுப்பேன். அவை பேச்சிலும் தேவையில்லை. பேருந்தில் இருப்பவருக்கு அது பேருந்து நிறுத்தம் என்று தெரியும்.

இப்போது நிஜமான தலைவலி, பெயர்கள். இந்தத் தடத்தின் தெற்குப் பாதியை மட்டும் எடுத்துப் பார்க்கிறேன்.

ஜெமினி: மேம்பாலத்தின் முறையான பெயர் அண்ணா மேம்பாலம், 1973-இல் திறந்தது. பக்கத்தில் இருந்த ஜெமினி ஸ்டுடியோவும் இன்று இல்லை. ஆனாலும் டிக்கெட் கேட்பவர் "ஜெமினி ஒண்ணு" என்றுதான் கேட்கிறார். அதனால் இரண்டு மொழியிலும் ஜெமினி. மேம்பாலம் என்ற சொல்லும் வேண்டாம்.

ஸ்டெல்லா மாரிஸ்: கல்லூரி, காலேஜ் இரண்டையும் விட்டுவிட்டேன்.

லஸ்: கார்னர் வேண்டுமா வேண்டாமா, முடிவில்லை.

மயிலாப்பூர் குளம்: ஆங்கிலத்தில் டேங்க். குளம் என்பது பொருளுள்ள பொதுச்சொல், இரண்டு மொழியிலும் மக்கள் புழங்குகிறார்கள். எனவே மொழிபெயர்க்கலாம்.

மந்தைவெளி: அப்படியே. வெளியை யாரும் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்வதில்லை.

அடையாறு: இதற்குத் தனியாக எழுத வேண்டும், நாளைக்கு.

---

மாட்டுத்தாவணி · 7 பிப்ரவரி, காலை 6:50

எங்கள் மதுரையிலும் இதே கதை. பெரிய பேருந்து நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் என்று பெயர். ஆனால் ஆட்டோவில் ஏறி அப்படிச் சொன்னால் எந்த ஊர் எம்.ஜி.ஆர். என்று கேட்பார்கள். மாட்டுத்தாவணி என்றால்தான் போவார்கள். வெளியூரிலிருந்து வந்த என் மைத்துனர் டிக்கெட்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர், போர்டில் ஒரு பெயர் என்று மூன்றையும் பார்த்துவிட்டு ஆரப்பாளையத்தில் இறங்கிவிட்டார். நாங்கள் போய்க் கூட்டிவந்தோம்.

சென்னை சென்ட்ரலுக்கு இப்போது இருக்கும் பெயரை அறிவிப்பில் வைத்தால் என்ன ஆகும்?

---

ஒலிநாடா · 7 பிப்ரவரி, இரவு 8:40

29C-யில் சென்ட்ரல் வராது. ஆனால் கேள்வி முக்கியம். 2019-இலிருந்து அது புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல் ரயில் நிலையம். இரண்டு மொழியிலும் முழுசாகச் சொன்னால் அந்த ஒரு நிறுத்தத்துக்கே மற்றவற்றைப் போல மூன்று மடங்கு நேரம் ஆகும். நிலையத்துக்குள் நடைமேடை அறிவிப்பில் முழுப் பெயர் இருக்கட்டும், அங்கே நேரம் இருக்கிறது. ஓடும் பேருந்தில் "சென்ட்ரல்". இது என் கருத்து. முறையான பெயரைச் சுருக்க அறிவிப்பு எழுதுகிறவருக்கு அதிகாரம் உண்டா என்பது வேறு கேள்வி. அதற்கு ஒப்புதல் வாங்கித்தான் ஆக வேண்டும்.

அடையாறு விஷயம். தமிழில் அடையாறு, ஆங்கிலத்தில் Adyar. சொல்லும்போது இரண்டுமே கிட்டத்தட்ட "அடையார்". ஆனால் ஆங்கிலம் வாசிக்க வரும் குரல்காரர் எழுத்தைப் பார்த்து "ஆட்யார்" என்பார். அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய வெளிமாநிலப் பையன் தெருவில் இறங்கி "ஆட்யார்" என்று வழி கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம். ஆங்கில வரியிலும் ஊர்ப்பெயரை ஊர்க்காரர் வாயில் வருகிற மாதிரியே சொல்ல வேண்டும் என்பதை விதியாக வைக்கிறேன். நெக்ஸ்ட் ஸ்டாப் மட்டும்தான் ஆங்கில உச்சரிப்பு.

---

கணக்குப்புலி · 7 பிப்ரவரி, இரவு 9:15

அப்படியானால் ஆங்கில எழுத்தையே தமிழ் உச்சரிப்புக்கு மாற்றி எழுதிவிடலாமே. அரசே 2020-இல் அதைத்தான் செய்தது.

---

ஒலிநாடா · 7 பிப்ரவரி, இரவு 9:50

செய்தது, சில நாளில் திரும்பவும் பெற்றது. 2020 ஜூனில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி வந்த அரசாணை அந்த மாதமே விலக்கிக்கொள்ளப்பட்டது. போர்டிலும் வரைபடத்திலும் டிக்கெட் இயந்திரத்திலும் இருக்கும் எழுத்தை அறிவிப்புக் குழு தனியாக மாற்றினால், எல்இடி ரசிகன் சொன்ன அதே குழப்பம்தான் வரும். பார்க்கும் எழுத்து Adyar என்றே இருக்கட்டும். குரல்காரருக்குக் கொடுக்கும் தாளில் மட்டும் உச்சரிப்பைத் தனியாக எழுதிக் கொடுத்தால் போதும்.

எழும்பூர், சின்னமலை, பரங்கிமலை மாதிரி இடங்கள் வேறு. எக்மோர், லிட்டில் மவுண்ட், செயின்ட் தாமஸ் மவுண்ட் என்று ஆங்கிலத்தில் வேறு பெயரே புழங்குகிறது. அங்கே இரண்டு பெயரையும் கட்டாயம் சொல்ல வேண்டும். தமிழ் வரியில் "எக்மோர்" என்று வைத்தால் பலருக்குப் புரியும்தான். ஆனால் போர்டில் எழும்பூர் என்று படித்துவிட்டு ஏறியவருக்கு ஒன்றும் கேட்காது.

---

தரவுத்தம்பி · 8 பிப்ரவரி, காலை 10:30

நீங்கள் தாளில் எழுதிக் கொடுக்கும் உச்சரிப்புக்கு ஜிடிஎஃப்எஸ் கோப்பிலேயே இடம் இருக்கிறது அண்ணா. பயணத் தகவல் செயலிகள் படிக்கும் அதே கோப்புதான். பார்க்கும் பெயர் `stop_name`, வாசிக்கும் பெயர் `tts_stop_name`. தமிழ்ப் பெயர் `translations.txt`-இல் போகும். அடையாளங்கள் சும்மா உதாரணத்துக்கு:

```
stop_id,stop_name,tts_stop_name
ADY03,Adyar Depot,Adaiyaar Depot
STM01,St. Thomas Mount,Saint Thomas Mount

table_name,field_name,language,translation,record_id
stops,stop_name,ta,மயிலாப்பூர் குளம்,MYL02
```

(முதல் மூன்று வரி `stops.txt`, மற்றவை `translations.txt`. மற்ற நெடுவரிசைகளையும் மற்ற நிறுத்தங்களையும் விட்டுவிட்டேன்.)

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். கணினிக் குரல் `St.` என்பதைச் சில இடத்தில் செயின்ட் என்றும் சில இடத்தில் ஸ்ட்ரீட் என்றும் வாசிக்கும். தமிழிலும் இதே ஆபத்து வேறு வடிவில் உண்டு. நம் எழுத்தில் k, g இரண்டுக்கும் க-தான், p, b இரண்டுக்கும் ப-தான். கிண்டியைச் சில குரல்கள் வல்லினமாக அழுத்திச் சொல்லும், பெசன்ட் நகரில் முதல் எழுத்தைப் "பெட்டி" மாதிரிச் சொல்லும். எழுத்தில் இதைத் திருத்த வழியில்லை, குரலுக்கான உச்சரிப்புப் பட்டியலில்தான் திருத்த வேண்டும். எஸ்.ஆர்.பி. டூல்ஸ் மாதிரிப் பெயரில் புள்ளிகளை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் நின்று நின்று வாசிக்கும்.

கணினிக் குரலே போதும், புது நிறுத்தம் வந்தால் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது என்பது என் எண்ணம்.

---

ஒலிநாடா · 8 பிப்ரவரி, இரவு 9:20

கோப்பு பற்றிச் சொன்னதற்கு நன்றி தம்பி, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். குரல் விஷயத்தில் மனிதக் குரல்தான் என் தேர்வு. ஒரு தடத்துக்கு எல்லாப் பெயரையும் ஒரே அமர்வில் பதிந்துவிடலாம். நீ சொல்லும் குறை உண்மை. ஆறு மாதம் கழித்து ஒரு நிறுத்தம் சேர்ந்தால் அதே குரல், அதே மைக் தூரம், அதே அறை கிடைக்க வேண்டும். வேறு குரலில் ஒரு பெயர் மட்டும் ஒலித்தால் பயணிகள் அதை விளம்பரம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதனால் இப்போதே பக்கத்துத் தடங்களின் பெயர்களையும் "கடைசி நிறுத்தம்" போன்றவற்றையும் சேர்த்துப் பதிந்து வைக்கிறோம்.

அடையாற்றில் இன்னொரு சிக்கல் பாக்கி. அடையாறு என்று தொடங்கும் பெயர்கள் பல. அடையாறு சிக்னல், அடையாறு டிப்போ. அடையாறு கேட் என்பது ஆழ்வார்பேட்டைப் பக்கம், இந்தத் தடத்தில் இல்லாவிட்டாலும் பெயர் காதில் ஒன்றுபோல விழும். "அடையாறு" என்று கேட்டதுமே பாதிப் பேர் எழுந்துவிடுகிறார்கள். வேறுபடுத்தும் சொல் கடைசியில் வருகிறது, குரலும் அங்கேதான் இறங்கித் தேய்கிறது. "டிப்போ" என்று மட்டும் வைக்கலாமா என்று பார்த்தேன். மந்தைவெளியிலும் டிப்போ இருக்கிறது.

---

வெள்ளைக்கோல் · 8 பிப்ரவரி, இரவு 10:00

பெயரை மாற்ற வேண்டாம். பதியும்போது இரண்டாவது சொல்லை அழுத்தச் சொல்லுங்கள். "அடையாறு" சாதாரணமாக, "டிப்போ" கொஞ்சம் உயர்த்தி, தெளிவாக. இந்த மாதிரிப் பெயர்களுக்கு மட்டும் முடிவில் குரல் தேய விடக் கூடாது. பதிந்ததை அமைதியான அறையில் கேட்டு ஒப்புதல் கொடுக்காதீர்கள். பேருந்தில் எடுத்த இரைச்சலை மேலே ஓடவிட்டு, இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது என்று யாரையாவது சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் பயணியும் தடுமாறுவார்.

---

பின்படிக்கட்டு · 9 பிப்ரவரி, காலை 9:30

டிப்போ சரி. பணிமனை என்று போர்டில் இருக்கிறது, ஆனால் என் சர்வீஸில் ஒருவர்கூட பணிமனை ஒண்ணு குடுங்க என்று கேட்டதில்லை.

எப்போது சொல்லும் என்பதை யாரும் பேசவில்லையே. லஸ் சிக்னலில் வண்டி நிற்கும். சிக்னலுக்கு முன்னாலேயே லஸ் என்று சொல்லிவிட்டால் கூட்டம் முழுக்க எழுந்து படிக்கு வந்துவிடும். சில பேர் அங்கேயே குதிப்பார்கள். பின்னால் பைக் வரும்.

---

கணக்குப்புலி · 9 பிப்ரவரி, காலை 10:10

எல்லா நிறுத்தத்துக்கும் 300 மீட்டர் முன்னால் என்று வைத்தால் தீர்ந்தது. ஒரே அளவு, ஒரே ஒழுங்கு. நீங்கள்தானே எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்கிறீர்கள்.

---

ஒலிநாடா · 9 பிப்ரவரி, இரவு 9:00

வரியின் அமைப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும், தூரம் அப்படி இருக்கத் தேவையில்லை. இரண்டு நிறுத்தத்துக்கு நடுவே 350 மீட்டர்தான் இருக்கிறது என்றால் 300 மீட்டர் முன்னால் என்பது முந்தைய நிறுத்தத்திலிருந்து நகர்ந்த உடனே. அப்போது இறங்கினவர் இடத்தில் உட்காரும் சலசலப்பு நடந்துகொண்டிருக்கும். திறந்த சாலையில் வேகமாகப் போகும்போது அதே 300 மீட்டர் அரை நிமிடம்கூட இல்லை. கூட்ட நேரத்தில் நடுவில் நிற்பவர் படிக்கு வர அதற்குள் முடியாது.

நெருக்கமான நிறுத்தங்களுக்கு, வண்டி கிளம்பிக் கதவருகே கூட்டம் அடங்கியதும் ஒரு தடவை. தள்ளியிருக்கும் நிறுத்தங்களுக்கு 300 மீட்டருக்கும் முன்னாலேயே. சிக்னல் நடுவில் இருந்தால் முழு அறிவிப்பைச் சிக்னலைத் தாண்டித்தான் வைக்க வேண்டும். அப்புறம் வண்டி நிற்கும்போது "லஸ்" என்று பெயர் மட்டும் ஒரு தடவை, மொழி எதுவும் இல்லாமல். "அடுத்து" என்று வந்தால் இன்னும் வரவில்லை, வெறும் பெயர் வந்தால் இதுதான். குதிப்பதற்கான காரணம் அதில் குறையும் என்று நம்புகிறேன்.

பெயர் மாறும் இடத்தில் எந்தப் பெயரை மட்டும் சொல்வது என்பது நிற்கும் கேள்வி. குளம் என்பதா, டேங்க் என்பதா? இப்போதைக்குத் தமிழ்ப் பெயர்.

---

தரவுத்தம்பி · 10 பிப்ரவரி, மதியம் 12:15

சோதிக்கும்போது ஒன்றைப் பாருங்கள். தப்பாகச் சொல்கிறது என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் புகார் சொல்வார்கள், ஆனால் தப்புகள் ஒரே வகை இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் சீக்கிரமோ தாமதமோ வந்து, மற்றவை சரியாக இருந்தால், அந்த நிறுத்தத்தின் ஆயத்தொலைவு தப்பு. பெரும்பாலும் எதிர்ப்பக்கப் போர்டின் இடத்தைக் குறித்திருப்பார்கள். ஓர் இடத்துக்குப் பிறகு எல்லாமே ஒரு நிறுத்தம் பின்தங்கி வந்தால், கருவி வரிசையை எண்ணிக்கொண்டு போகிறது, ஒன்றைத் தவறவிட்டுவிட்டது என்று அர்த்தம். மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் வண்டியைத் திருப்பி விடும்போது இது நடக்கும். பழைய புள்ளியை வண்டி தொடவே தொடாது, கருவி அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அடுத்தது எது என்பதை வரிசையை வைத்து முடிவு செய்யாமல், வண்டி இப்போது இருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்யச் சொல்லுங்கள். தவறவிட்டதை விட்டுவிட்டு முன்னால் இருப்பதைச் சொல்ல வேண்டும். முதல் நிறுத்தமே பெசன்ட் நகர் என்று வந்தால் திரும்பும் பயணத்தின் கோப்பு ஏற்றப்பட்டிருக்கிறது.

---

வெள்ளைக்கோல் · 10 பிப்ரவரி, மதியம் 12:50

ஒரு நிறுத்தம் பின்தங்கிச் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட மோசம். அறிவிப்பே இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பேன். இருந்து தப்பாக இருந்தால் நம்பி இறங்கிவிடுவேன். இடம் உறுதியாகத் தெரியாத நேரத்தில் கருவி பேசாமல் இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். நிறுத்தத்தில் நிற்கும் எனக்கு வந்தது 29C-யா 5E-யா என்று தெரியாது. கதவு திறக்கும்போது வெளியே கேட்கிற மாதிரி எண்ணும் போகும் இடமும் சொல்ல முடியுமா? இதே சுருக்கத்தில், "29C, பெசன்ட் நகர்" போதும்.

---

ஒலிநாடா · 10 பிப்ரவரி, இரவு 9:45

வெளி ஒலிபெருக்கி இந்த மாதிரியில் இல்லை. வரியை எழுதிப் பதிந்து வைத்துவிடுகிறேன், கருவி வந்தால் உடனே சேர்க்கலாம். எண்ணை "டுவெண்ட்டி நைன் சி" என்று ஒரு தடவை மட்டும். தமிழில் இருபத்தொன்பது என்று யாரும் கேட்பதில்லை, "ட்வெண்ட்டி நைன் சி வருமா" என்றுதான் கேட்கிறார்கள். இதற்கு மறுப்பு வரும் என்று தெரியும், சொல்லுங்கள்.

இப்போதைய வரிகள், கடைசிப் பகுதி மட்டும்:

அடுத்து, லஸ். நெக்ஸ்ட் ஸ்டாப், லஸ்.
அடுத்து, மயிலாப்பூர் குளம். நெக்ஸ்ட் ஸ்டாப், மைலாப்பூர் டேங்க்.
அடுத்து, மந்தைவெளி. நெக்ஸ்ட் ஸ்டாப், மந்தைவெளி.
அடுத்து, அடையாறு சிக்னல். நெக்ஸ்ட் ஸ்டாப், அடையார் சிக்னல்.
கடைசி நிறுத்தம், பெசன்ட் நகர். லாஸ்ட் ஸ்டாப், பெசன்ட் நகர்.

---

மாட்டுத்தாவணி · 11 பிப்ரவரி, காலை 7:05

வெறும் லஸ் ரொம்பச் சின்னதாக இருக்கிறது. ஓரசை. கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். கார்னர் சேர்த்தால் நீளமாவது கிடைக்கும்.

---

பின்படிக்கட்டு · 11 பிப்ரவரி, காலை 9:40

அதனால்தான் நாங்கள் மூன்று தடவை சொன்னோம். லஸ் கார்னர் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதுவே இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். கட் சர்வீஸை மறந்துவிட்டீர்கள். சில டிரிப் பெசன்ட் நகர் போகாமல் அடையாற்றிலேயே முடியும். போர்டைத் திருப்பிவிடுவோம், ஏறுகிறவரிடம் வாயாலும் சொல்வோம். உங்கள் பெட்டிக்கு அதை யார் சொல்வது? டிப்போவில் நிற்கும் வண்டி "கடைசி நிறுத்தம், பெசன்ட் நகர்" என்று கூவினால் சண்டை நடத்துநரோடுதான் வரும்.

---

ஒலிநாடா · 11 பிப்ரவரி, இரவு 8:30

லஸ் கார்னர், மாற்றிவிட்டேன். இரண்டு மொழியிலும்.

கட் சர்வீஸுக்கு "கடைசி நிறுத்தம், அடையாறு டிப்போ" என்று தனியாகப் பதிய வேண்டியதில்லை. கடைசி நிறுத்தம் என்ற துண்டு இருக்கிறது, பெயர்த் துண்டும் இருக்கிறது, ஒட்டினால் போதும். எந்தப் பயணம் எங்கே முடிகிறது என்பது மட்டும் கருவிக்குத் தெரிய வேண்டும். டிக்கெட் இயந்திரத்தில் நடத்துநர் பயணத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால் அதிலிருந்தே எடுக்க முடியுமா என்று கருவிக்காரரிடம் கேட்டிருக்கிறேன். முடியாவிட்டால் நடத்துநர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பொத்தான் வேண்டும், டிரைவர் பக்கம் வேண்டாம். பதில் வந்ததும் எழுதுகிறேன்.